குடிவரவுக் கோப்புக்காகத் தமிழ்க் குடும்பக் கடிதத்தை ஆங்கிலமாக்குவது: ஐயமான இடங்களைக் குறிப்போடு காட்டும் முறை

பிறப்புப் பதிவு காலம் தாழ்ந்து நடந்த குடும்பங்களில், அண்ணன் தம்பி அக்கா தங்கை உறவைக் காட்டுவதற்குப் பழைய கடிதங்களையும் துணைச் சான்றாகக் கோப்பில் சேர்ப்பது உண்டு. பெரும்பாலும் அந்தக் கடிதம் மொழிபெயர்ப்பாளரிடம் நேரடியாக வருவதில்லை. வீட்டில் யாராவது ஒருவர் கையெழுத்தைப் படித்துக் கணினியில் தட்டச்சு செய்திருப்பார். அந்தத் தட்டச்சுப் படிதான் முதலில் நம் கைக்கு வரும். படிப்பதற்கு அது எளிதாகவும் தெளிவாகவும் இருக்கும். அந்தத் தெளிவில்தான் ஆபத்தும் இருக்கிறது. கையெழுத்தில் ஐயமாக இருந்த ஓர் எழுத்து, தட்டச்சில் ஐயமே இல்லாத எழுத்தாக மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் அது உறுதியான ஆங்கிலச் சொல்லாகி, அதன் கீழே ஒருவர் கையொப்பமும் இட்டுவிடுகிறார்.

அமெரிக்கக் கோப்பை எடுத்துக்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அங்கே `8 CFR 103.2(b)(3)` என்ற விதி மூன்று செய்திகளைச் சொல்கிறது. வேற்றுமொழி ஆவணம் எதுவானாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு உடன் இருக்க வேண்டும். அது முழுமையானது, துல்லியமானது என்று மொழிபெயர்ப்பாளர் சான்று தர வேண்டும். அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தமக்குத் தகுதி உண்டு என்றும் அவரே சொல்ல வேண்டும். விதி கேட்பது ஆவணத்தின் மொழிபெயர்ப்பை. தட்டச்சுப் படியை வைத்துக்கொண்டு மட்டும் மொழிபெயர்த்தால், ஒருவர் படித்துச் சொன்னதைத்தான் மொழிபெயர்த்தோம் என்று ஆகிவிடும். ஆகவே முதல் வேலை கடிதத்தைப் பார்ப்பது.

## கையில் இருக்க வேண்டியவை

கடிதத்தின் வண்ண ஸ்கேன் 300 டி.பி.ஐ.க்குக் குறையாமல் வேண்டும். மை மங்கியிருந்தால் 600 வைத்து எடுக்கச் சொல்லலாம். கறுப்பு வெள்ளை நகலில் புள்ளியும் தாளின் கறையும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் அதை ஏற்காதீர்கள். இரு பக்கமும் வேண்டும், எழுதாத பக்கம் உட்பட. உறை இருந்தால் உறையும், வான்கடிதத் தாளாக இருந்தால் அதன் முகவரிப் பக்கமும் மடிப்பு ஓரங்களும் வேண்டும். தட்டச்சு செய்தவர் யார், கடிதத்தைப் பார்த்துச் செய்தாரா, வேறொருவர் வாசிக்கக் கேட்டுச் செய்தாரா என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கக் கேட்டுத் தட்டச்சு செய்த படியில் ல, ள, ழ வேறுபாடுகள் எல்லாம் கேட்டவருடைய காதின் வேலையே தவிர எழுதியவருடையது அல்ல.

பிறகு ஸ்கேனில் ஒவ்வொரு வரிக்கும் எண் இடுங்கள். தட்டச்சுப் படியில் வரிகள் தாளில் உள்ளபடி முடியாவிட்டால், அவற்றைத் தாளில் உள்ளபடியே வெட்டி அமையுங்கள். இது சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் எழுதப் போகும் குறிப்பு எல்லாம் இந்த வரி எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

## ஒப்பிடும்போது எதைத் தேடுவது

தட்டச்சு செய்தவர்கள் வேண்டுமென்று எதையும் மாற்றுவதில்லை. உதவி செய்வதாக எண்ணித்தான் மாற்றுகிறார்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குவார்கள், தமிழ்த் தேதிக்குப் பக்கத்தில் ஆங்கிலத் தேதியைச் சேர்ப்பார்கள், சுருக்கத்தை விரித்துவிடுவார்கள், ஓரத்தில் குறுக்காக எழுதிய வரியை விட்டுவிடுவார்கள். இந்தக் கடைசியானதில் நானே ஒருமுறை அகப்பட்டேன். தட்டச்சுப் படியை மட்டும் நம்பி, முழுமையான மொழிபெயர்ப்பு என்று கையொப்பமிட்டு அனுப்பிய கடிதத்தின் மூலத்தை ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். இடது ஓரத்தில், வேறொரு கையெழுத்தில், தாளைத் திருப்பிப் படிக்க வேண்டிய மூன்று வரிகள் இருந்தன. சான்றுரையைத் திரும்பப் பெற்று மறுபடி எழுதித் தந்தேன். அதன் பிறகு ஸ்கேன் வராமல் ஒரு வரியும் தொடங்குவதில்லை.

கையெழுத்திலேயே குழப்பம் தரும் இடங்கள் சில உண்டு. வேகமாக எழுதும்போது ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாகிவிடும். ‘தர’ என்பதும் ‘தா’ என்பதும் அப்படித்தான் மயங்கும். பலர் புள்ளி வைப்பதில்லை. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வேறுபடுத்தாமல் எழுதியவர்கள் உண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கிய பிறகும், பழைய வடிவத்தில் எழுதிப் பழகிய பெரியவர்கள் பல்லாண்டுகள் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றைப் பழையபடியே எழுதினார்கள். அந்த வடிவங்களைப் பள்ளியில் பார்த்திராத இளையவர் தட்டச்சு செய்திருந்தால், அத்தகைய எழுத்து வரும் ஒவ்வோர் இடத்தையும் தனியே சரிபாருங்கள்.

சுருக்கங்கள் இன்னும் ஏமாற்றும். பெரியவர் இளையவருக்கு எழுதும்போது பெயருக்கு முன் ‘சி.’ என்று போடுவது சிரஞ்சீவி என்பதன் சுருக்கம். அதைத் தலைப்பெழுத்தாக எண்ணி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தாகப் போட்டுவிட்டால், கடவுச்சீட்டில் இல்லாத ஒரு தலைப்பெழுத்து கடிதத்தில் எப்படி வந்தது என்ற கேள்வி எழும். ‘சௌ.’ என்பதும் அப்படியே. அது மணமான பெண்ணுக்குரிய மங்கல அடை. கடிதத்தின் தலையில் உள்ள பிள்ளையார் சுழியைச் சிலர் தமிழ் எண் இரண்டாகத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள், சிலர் விட்டே விடுகிறார்கள். முழு மொழிபெயர்ப்பு என்றால் அதற்கும் இடம் உண்டு: சதுர அடைப்புக்குள் மங்கலக் குறி என்று ஒரு சொல் போதும். இசுலாமியக் கடிதத்தின் தலையில் 786 இருந்தால் அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள்.

## ஒரு கடிதம்

இனி ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் தம் அக்காவுக்காக மனுச் செய்கிறார். இருவருக்கும் பொதுவான தாய் அல்லது தந்தை உண்டு என்பதே கோப்பின் மையம். துணைச் சான்றாக அக்கா எழுதிய கடிதம் ஒன்று. தட்டச்சுப் படி, தாளின் வரி முடிவுகளுக்கேற்ப வெட்டிய பிறகு, இப்படி இருக்கிறது:

> 1. உ
> 2. பவ வருடம் தை மாதம் 17
> 3. சி. தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. நலம். நலமறிய ஆவல்.
> 4. நீ அனுப்பிய ரூ. 7000 கிடைத்தது.
> 5. அப்பா கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.
> 6. மாமா நம் அம்மாவின் திதி முடிந்ததும் திரும்பிப் போனார்.
> 7. மாடி அறையை உனக்காக எடுத்து வைப்பது பற்றி
> 8. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.
> ஓரத்தில்: கடிதம் கண்டதும் போன் செய்யச் சொன்னார்.

ஸ்கேனோடு ஒப்பிட்டபோது நான்கு இடங்களில் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கும் இடங்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தாளே தீர்த்துவைக்கும் ஐயம் ஒன்று. தாள் தீர்க்காத ஐயம் மற்றொன்று. எழுத்து தெளிவாக இருந்தும் தமிழ்ச் சொல்லே இரு பொருள் தருவது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து, ‘சில இடங்கள் தெளிவில்லை’ என்று பொதுவாக எழுதிவிட்டால், படிப்பவருக்குக் கடிதம் முழுவதுமே ஐயத்துக்குரியதாகிவிடும்.

நான்காம் வரியின் தொகையில் முதல் இலக்கம் 1-ஆகவும் இருக்கலாம், 7-ஆகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டாம் வரியில் 17 என்று இரண்டு இலக்கமும் அருகருகே நிற்கின்றன. அங்கே ஒன்று தனிக்கோடு. ஏழுக்குத் தலையில் இடப்புறம் சிறு வளைவு. தொகையின் முதல் இலக்கத்தில் அந்த வளைவு இருக்கிறது. ஆகவே 7000. இந்த ஐயம் தாளிலேயே தீர்ந்தது. ஒப்பிடும்போது நமக்காக எழுதி வைக்கும் பணித்தாளில் குறித்தால் போதும், மொழிபெயர்ப்பில் குறிப்பு வேண்டியதில்லை. கோப்பில் பணம் அனுப்பிய ரசீது இருந்தாலும், அதைப் பார்த்து இலக்கத்தை முடிவு செய்யக் கூடாது. ரசீதும் கடிதமும் ஒன்றையொன்று தாங்கும் தனித்தனிச் சான்றுகளாக இருக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் படித்தோம் என்றால் அந்தத் தாங்கல் போய்விடும்.

ஆறாம் வரிதான் கோப்பின் உயிர். ‘நம் அம்மா’ என்று இருந்தால், அக்கா தம்பியைப் பார்த்து நீயும் நானும் சேர்ந்த நம்முடைய அம்மா என்கிறார். ‘எங்கள் அம்மா’ என்று எழுதியிருந்தால் கடிதம் பெறுபவர் அதில் அடங்க மாட்டார். தமிழ் செய்யும் இந்த வேறுபாட்டை ஆங்கிலம் செய்வதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே இந்தச் சொல்லுக்கு எப்படியும் ஒரு குறிப்பு வேண்டும். ஆனால் ஸ்கேனில் அந்த முதல் எழுத்து நகரமா தகரமா என்று தெரியவில்லை. ‘தம் அம்மா’ என்றால் மாமா தம்முடைய தாயின் திதிக்கு வந்துவிட்டுப் போனார் என்று ஆகிவிடும். அப்போது தம்பிக்கும் அந்த வரிக்கும் தொடர்பே இல்லை.

இதை எப்படிச் சோதிப்பது? அதே கையில் சொல்லின் முதலில் வரும் நகரங்களையும் தகரங்களையும் வெட்டி எடுத்து ஒரு தாளில் வரிசையாக ஒட்டுங்கள். இங்கே மூன்றாம் வரியில் ‘நலம்’, ‘நலமறிய’, நான்காம் வரியில் ‘நீ’; மறுபக்கம் ‘தை’, ‘தம்பிக்கு’, ‘திதி’. தகரத்தின் இடப்பக்கம் மூடிய சுழி. நகரத்தின் இடப்பக்கம் திறந்த மூலை. இவர் வேகமாக எழுதும்போது தகரச் சுழி ஒடுங்கிக் கோடாகிறது என்பது ‘தம்பிக்கு’ என்ற சொல்லிலேயே தெரிகிறது. ஐயமான எழுத்தில் மூலை திறந்திருப்பதுபோல் இருக்கிறது, ஆனால் மடிப்புக் கோடு சரியாக அதன் மேல் போகிறது. அடுத்து இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். வினைமுற்று ‘போனான்’ என்று இருந்திருந்தால் ‘தன்’ என்றுதான் வந்திருக்கும், ‘தம்’ வராது என்று தள்ளிவிடலாம். ‘போனார்’ என்று மரியாதையாக இருப்பதால் ‘தம்’ பொருந்தவே செய்கிறது. இன்னொரு பக்கம், இவ்வளவு எளிய நடையில் எழுதும் ஒருவர் ‘தம்’ என்று எழுதுவது அரிது. ‘அவர் அம்மா’ என்றோ ‘தன் அம்மா’ என்றோ எழுதுவதுதான் வழக்கம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ‘நம்’ என்பதற்கே வாய்ப்பு மிகுதி, ஆனால் உறுதி இல்லை. இந்த இடத்தில் தட்டச்சு செய்தவர் ‘நம்’ என்று போட்டிருப்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் குடும்பத்தவர், அவருக்கு விடை முன்பே தெரியும்.

எட்டாம் வரியில் எழுத்தில் ஐயமே இல்லை. ‘வீட்டுக்காரர்’ என்றால் கணவர். வீட்டு உரிமையாளரும் ஆகலாம். மாடி அறையை எடுத்து வைப்பது பற்றிக் கணவரிடமும் கேட்கலாம், உரிமையாளரிடமும் கேட்கலாம். அக்காவுக்கு அப்போது திருமணம் ஆகியிருந்ததா என்பதே கோப்பில் வேறிடத்தில் முக்கியமாக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் கணவர் என்று எழுதிவிட்டால், கடிதம் சொல்லாத ஒரு திருமணத்தை அவர் உண்டாக்கிவிடுகிறார்.

ஓரத்து வரியில் எழுவாயே இல்லை. சொன்னவர் யார்? அப்பாவா, மாமாவா, வீட்டுக்காரரா? ‘சொன்னார்’ என்பது ஆணையும் குறிக்கும், மரியாதையாகப் பெண்ணையும் குறிக்கும். ஆங்கிலம் எழுவாய் இல்லாமல் நிற்காது, பாலையும் கேட்கும். நாம் சேர்ப்பதைச் சதுர அடைப்புக்குள் காட்டுவதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை.

## ஆங்கிலத்தில் எழுதுவது

இதுவரை செய்தது வாசிப்பு. இனி எழுதும்போது, படிக்கும் அலுவலர் ஆங்கில வரியையும் தமிழ்த் தாளையும் பக்கத்தில் வைத்து விரல் வைத்துத் தொடர முடியும்படி எழுத வேண்டும். வரிக்கு வரி, பத்திக்குப் பத்தி தாளின் அமைப்பையே பின்பற்றுங்கள். நடையை அழகாக்க வேண்டாம். ‘நலம். நலமறிய ஆவல்’ என்பதை வழக்கமான ஆங்கில வாழ்த்தாக மாற்றாமல் உள்ளபடியே எழுதுங்கள். அக்கடிதம் எழுதப்பட்ட காலத்தின் இயல்பான தொடக்கம் அது. ஐயமான சொல்லின் பக்கத்தில் கேள்விக்குறியும், நாம் சேர்த்த சொல்லுக்குச் சதுர அடைப்பும், குறிப்பு எண்ணும் மட்டும் போதும். ஆறு முதல் ஓர வரி வரை இப்படி வரும்:

```
6  Mama (Note 2) went back once the death-anniversary
   rite of [our?] (Note 1) mother was over.
7  About keeping the upstairs room for you,
8  I will write after asking [my] husband or
   [the] house owner (Note 3).
[In left margin:] [He or she] said to telephone
   as soon as the letter is seen.
```

உறவுப் பெயர்களில் எதற்குக் குறிப்பு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் என் அளவுகோல் இது: கோப்பின் கேள்வி அந்தச் சொல்லில் நிற்கிறது என்றால் குறிப்பு வேண்டும். இங்கே ‘தம்பி’, ‘அக்கா’ இரண்டும் கேள்வியின் மையத்தில் இருக்கின்றன. உடன்பிறந்த இளையவன் என்பதே தம்பியின் முதற்பொருள். அதையே ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா பிள்ளைகளையும் தமிழில் அப்படியே அழைக்கிறோம் என்பதை ஒரு வரியில் சொல்லத்தான் வேண்டும். வழக்கறிஞருக்கு அந்த வரி பிடிக்காமல் போகலாம். தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவர் அதைத் தாமே கண்டுபிடித்துக் கேட்பதைவிட, மொழிபெயர்ப்பே சொல்லியிருப்பது கோப்புக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. ‘மாமா’ இங்கே வந்து போகிறவர்தான். ஆனாலும் ‘தம் அம்மா’ என்ற வாசிப்பில் அவர் யாருடைய மகன் என்பது பொருளுக்கு வருவதால், சொல்லை அப்படியே வைத்துக் குறிப்பில் விளக்குகிறோம். தாயின் உடன்பிறந்தவர், அத்தையின் கணவர், மாமனார் என்று அச்சொல் பலரைக் குறிக்கும்.

தேதியை மொழிபெயர்ப்பின் உடலில் மாற்ற வேண்டாம். பவ வருடம், தை மாதம், 17 என்று ஒலிபெயர்த்து எழுதிவிட்டு, குறிப்பில் விளக்குங்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பவ ஆண்டு 1994 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1995 ஏப்ரல் நடுவில் முடிந்தது. அதற்கு முன் 1934-35-இல் வந்தது. தை மாதம் ஜனவரி நடுவில் தொடங்குகிறது. ஆகவே தை 17 என்பது ஜனவரி மாதக் கடைசி. எந்தச் சுழற்சி என்பதை அஞ்சல் முத்திரை காட்டினால் அதையும் குறிப்பிடலாம். இந்த மாதிரிக்கான தட்டச்சுப் படியில் ஓர் ஆங்கிலத் தேதி சேர்க்கப்பட்டிருந்தது என்று வைத்துக்கொண்டால், அது தாளில் இல்லாததால் மொழிபெயர்ப்பிலும் இருக்கக் கூடாது.

பெயர்கள் வரும் கடிதங்களில், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே பின்பற்றுங்கள். சாந்தி என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதலாம். கோப்பில் ஏற்கெனவே ஒரு விதம் இருக்கும்போது புதிதாக இன்னொன்றை நுழைக்க வேண்டாம். ஆனால் கடிதத்தில் வீட்டுப்பெயர் இருந்தால் வீட்டுப்பெயரையே எழுத வேண்டும். அது யாருடையது என்று சொல்வது குடும்பத்தாரின் உறுதிமொழிப் பத்திரத்தின் வேலை. தொகையை ரூபாயிலேயே விடுங்கள்.

## குறிப்பு எழுதும் முறை

குறிப்பு ஒவ்வொன்றும் இவற்றைச் சொல்ல வேண்டும்: எந்தப் பக்கம் எந்த வரி, ஐயம் எழுத்திலா பொருளிலா, எந்தெந்த வாசிப்புக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் என்ன ஆகும், எது மிகுதியாகப் பொருந்துகிறது, எதனால். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். இந்த இடத்தில் தமிழ் எழுத்தையே காட்டுவது நல்லது, ஏனென்றால் படிப்பவர் ஸ்கேனில் அந்த வடிவத்தைத் தாமே தேடிப் பார்க்க முடியும்.

```
Note 1 (reading). Page 1, line 6, second word. A fold
crosses the first letter, which may be ந or த.
நம் (nam) = "our", including the person addressed.
தம் (tham) = "his own", referring to Mama.
நம் is more likely: compare நலம், line 3.
தம் cannot be excluded.

Note 3 (meaning). Line 8, வீட்டுக்காரர். The writing is
clear. The word may mean "husband" or "house owner".
The letter does not show which.
```

முதல் குறிப்பில், தம்பிக்கும் அக்காவுக்கும் ஒரே தாய் என்று இது காட்டுகிறது என ஒரு வரி சேர்க்க மனம் வரும். சேர்க்காதீர்கள். அச்சொல் கேட்பவரையும் உள்ளடக்குகிறது என்பது மொழியைப் பற்றிய செய்தி. அதிலிருந்து உறவை நிறுவுவது வழக்கறிஞரின் வாதம். மொழிபெயர்ப்பாளர் அந்த எல்லையைத் தாண்டிய குறிப்பு ஒன்று இருந்தாலும், மற்ற குறிப்புகளின் நடுநிலை மீதும் ஐயம் விழும்.

அதேபோல் ‘குடும்பத்தார் சொன்னபடி’ என்று ஒரு வாசிப்பைத் தீர்க்க வேண்டாம். அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாளைப் பார்த்து, தாள் அதை உறுதி செய்கிறது என்றால், தாளில் கண்டதை எழுதுங்கள். தாள் உறுதி செய்யவில்லை என்றால் ஐயம் ஐயமாகவே இருக்கட்டும். முற்றிலும் படிக்க முடியாத இடத்தில் ஊகம் வேண்டாம்; `[illegible, about 2 words]` என்று அளவைச் சொல்லி விட்டுவிடலாம். தாள் கிழிந்து போன இடத்துக்கும் மை கரைந்த இடத்துக்கும் காரணத்தைத் தனித்தனியே சொல்லுங்கள்.

எத்தனை குறிப்பு போடலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எண் இல்லை. ஆனால் ஒரு பக்கக் கடிதத்துக்கு ஐந்தாறுக்கு மேல் வந்தால், அவற்றில் தாளே தீர்த்துவைக்கும் ஐயங்கள் கலந்திருக்கின்றனவா என்று பணித்தாளைத் திரும்பப் பாருங்கள். இந்த மாதிரியில் தேதிக்கு ஒன்றும், தம்பி அக்கா என்ற சொற்களுக்கு ஒன்றும் சேர்த்து ஐந்து குறிப்புகள் வருகின்றன.

## சான்றுரை

முழுமையானது, துல்லியமானது என்று விதி கேட்கிறது. நாமோ ஐயம் உண்டு என்கிறோம். இவை ஒன்றோடொன்று முரண்படவில்லை. தாளில் ஐயம் இருக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பிலும் ஐயம் தெரிவதுதான் துல்லியம். அதைச் சான்றுரையிலேயே சொல்லிவிடுங்கள்:

```
I certify that I am competent to translate from Tamil
into English, and that this is a complete and accurate
translation of the attached handwritten letter (1 page).
I worked from a colour scan of the letter and compared
it with a typed transcription made by another person.
Readings I could not settle are marked [?] and
explained in the Notes.
Name, signature, address, date
```

ஸ்கேனைப் பார்க்கவே வாய்ப்பு இல்லாமல், மூலம் தொலைந்து தட்டச்சுப் படி மட்டுமே இருக்கிறது என்றால், மொழிபெயர்த்தது தட்டச்சுப் படியை என்று எழுதுங்கள். கடிதத்தை என்று எழுத வேண்டாம். அந்த நிலையில் தட்டச்சு செய்தவரிடமிருந்து ஒரு தனி உறுதிமொழி பெறுவது பற்றி வழக்கறிஞர் முடிவு செய்வார்.

அமெரிக்க விதியின் அந்தப் பகுதி நோட்டரி முத்திரையைக் கேட்பதில்லை. ஆனாலும் மனுதாரரோ அவருடைய நெருங்கிய உறவினரோ மொழிபெயர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், சிறப்பாக ஐயமான வாசிப்பு உள்ள கடிதத்தில். கனடாவில் இது வெறும் அறிவுரை அல்ல: மனுதாரரின் குடும்பத்தவர் செய்த மொழிபெயர்ப்பு ஏற்கப்படாது, சான்று பெறாத மொழிபெயர்ப்பாளர் என்றால் அவருடைய சத்தியக் கடதாசியும் வேண்டும். பிரிட்டனில் மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் ஆகியவற்றோடு துல்லியத்துக்கான உறுதியும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள் செய்யப்படும் மொழிபெயர்ப்புக்கு, அங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் `NAATI` அமைப்பின் சான்று பெற்றவர் தேவை.

## அனுப்புவதற்கு முன்

மொழிபெயர்ப்பை ஓர் இரவு வைத்திருந்துவிட்டு, தமிழ் நன்கு படிக்கத் தெரிந்த, இந்தக் குடும்பத்தை அறியாத ஒருவரிடம் ஸ்கேனை மட்டும் கொடுங்கள். தட்டச்சுப் படியையும் மொழிபெயர்ப்பையும் காட்டாதீர்கள். உரக்கப் படிக்கச் சொல்லி, அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்புகள் உள்ள இடங்களில் அவரும் தயங்கினால் குறிப்புகள் சரியாக அமைந்திருக்கின்றன என்று கொள்ளலாம். நீங்கள் தயங்காத இடத்தில் அவர் நின்றால் அந்த வரிக்குத் திரும்புங்கள். ஆறாம் வரியை அவர் தயங்காமல் ‘தம் அம்மா’ என்று படித்துவிட்டால், மிகுதியாகப் பொருந்துவது ‘நம்’ என்ற உங்கள் வரியை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். தேவையானால் இரண்டும் சம வாய்ப்புடையவை என்று திருத்த வேண்டும்.

பிறகு எண்களை மட்டும் ஒருமுறை, பெயர்களை மட்டும் ஒருமுறை, அடைப்புக்குறிகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். கோப்பில் அடுக்கும்போது மொழிபெயர்ப்பு, குறிப்புகள், சான்றுரை, அதன் பின் வரி எண் இட்ட ஸ்கேன், வரி எண் இல்லாத தூய ஸ்கேன் என்ற வரிசையில் வையுங்கள். தட்டச்சுப் படியைச் சேர்ப்பதானால் கடைசியில், ‘வாசிப்புக்கு உதவியாகப் பிறர் தயாரித்தது’ என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டுச் சேர்க்கலாம். அதில் உள்ள பிழைகளைத் திருத்தாதீர்கள். ஒப்பிட்டபோது நீங்கள் எழுதிய பணித்தாளும், வெட்டி ஒட்டிய எழுத்து வரிசையும் கோப்பில் போவதில்லை. அவற்றை உங்களிடமே பத்திரப்படுத்தி வையுங்கள். பல மாதங்கள் கழித்து ஆறாம் வரியைப் பற்றிக் கேள்வி வந்தால் அந்த இரண்டு தாள்களைக் கொண்டுதான் பதில் எழுத வேண்டியிருக்கும்.